மஞ்சள் இலை சொல்லும் சேதி

நம் சங்க அறையின் மாடியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருப்பதை நண்பர்கள் அறிவீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன், படிப்பை முடித்துச் சென்ற அண்ணன் ஒருவர் ஊரிலிருந்து கன்றாகக் கொணர்ந்து, பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் நட்டுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைச் சமையலின் தாளிப்புக்கு இலை தந்து வந்தது அதுவே. தில்லியின் குளிர்காலத்தில் அது வளர்ச்சி நின்று ஒடுங்குவதும், சில கீழ் இலைகள் பழுத்து உதிர்வதும், மார்ச்சு மாதத்தில் புதுத் துளிர் விடுவதும் வழக்கம். சென்ற மார்ச்சிலும் துளிர் விட்டது. ஆனால் துளிர்த்தவை பச்சையாக இல்லை; எலுமிச்சம்பழ நிறத்தில் வெளுத்து நின்றன. நுனிக்குப் போகப் போக வெளுப்பும் மிகுந்தது.

செடிக்கு வைத்தியர் பலர் சேர்ந்தனர். "உரம் போதலை" என்று ஒரு நண்பர் ஒரு கரண்டி யூரியாவைத் தொட்டியில் போட்டார். "இரும்புச் சத்து இல்லை போல" என்று இன்னொருவர் துருப்பிடித்த ஆணிகள் நான்கைந்தை மண்ணில் புதைத்தார். மூன்றாமவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேச, "புளிச்ச மோரை ஊத்துப்பா, எல்லாம் சரியாயிடும்" என்றார் அவர் தாயார். நானோ, தாவர இயல் முதுகலை மாணவன் என்ற மிடுக்குடன் இலையைப் பறித்துப் பார்த்தேன். நரம்புகள் பச்சையாகவும், நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகவும் இருந்தன. "மக்னீஷியக் குறை!" என்று தீர்ப்புக் கூறிப் பேதியுப்பைக் கரைத்து ஊற்றினேன். மூன்று வாரங்கள் கடந்தன. செடி தேறவில்லை, மேலும் வெளுத்தது. யூரியாவின் பயனாகத் துளிர்கள் நீண்டு வளர்ந்தன; ஆனால் முன்னிலும் வெளிறியிருந்தன; சிலவற்றின் நுனியும் கருகிற்று.

என் பிழை எங்கே? இலையில் தெரிந்த கோலத்தை நான் சரியாகத்தான் பார்த்தேன். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றைக் கேட்கவில்லை. மஞ்சளானது பழைய இலையா, புதிய இலையா என்பதே அக்கேள்வி.

முதற்கேள்வி: எந்த இலை?

செடி தன் வேரால் உறிஞ்சும் சத்துக்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். சில சத்துக்கள், ஓர் இலையில் சேர்ந்த பின்னும் அங்கிருந்து கிளம்பி வேறோர் இலைக்குச் செல்லக் கூடியவை. வேறு சில, சேர்ந்த இடத்திலேயே தங்கிவிடுபவை. இந்த ஒரு வேற்றுமையே நோய்க்குறியின் இடத்தை முடிவு செய்கிறது.

தழைச்சத்தாகிய நைட்ரஜன் முதல் வகை. மண்ணில் அது குறையும்போது செடி தன் முதிய இலைகளில் உள்ள புரதங்களைச் சிதைத்து, அவற்றிலுள்ள நைட்ரஜனை உணவுக் குழாய்களின் வழியே குருத்துக்கு அனுப்பிவிடுகிறது. ஆகவே கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகும். மேலே குருத்து ஓரளவு பச்சையாக இருக்கும். மக்னீஷியமும் இவ்வாறே இடம் பெயரும். பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீஷிய அணு அமர்ந்திருக்கிறது. குறை ஏற்படும்போது முதிய இலையின் பச்சையம் சிதைய, அந்த மக்னீஷியம் இளைய இலைக்குப் போகிறது. சாம்பல் சத்தாகிய பொட்டாசியமும் அங்ஙனமே. அதன் குறை முதிய இலைகளின் ஓரங்கள் மஞ்சளாகிக் கருகுவதில் தெரியும்.

இரும்பு இரண்டாம் வகை. ஓர் இலையில் சேர்ந்த இரும்பு அங்கிருந்து எளிதில் வெளியேறாது. பழைய இலைகள், நல்ல காலத்தில் தாம் பெற்ற இரும்பை வைத்துக்கொண்டு பச்சையாகவே இருக்கும். இன்று பிறக்கும் இலை, இன்று வேர் அனுப்பும் இரும்பை நம்பியே வாழ வேண்டும். வேரிலிருந்து வரவு நின்றால் வெளுப்பது கொழுந்துதான். மாங்கனீசும் பெரும்பாலும் இவ்வகையினதே. கந்தகம் இரண்டுக்கும் நடுவே நிற்பது எனினும், அதன் குறையும் பெரும்பாலும் இளம் இலையில்தான் முதலில் தெரியும்.

நம் கறிவேப்பிலையில் கீழ் இலைகள் கரும்பச்சையாக இருந்தன. நுனித் துளிர்கள்தான் வெளுத்திருந்தன. மக்னீஷியக் குறையாயின் இது நேர்மாறாக இருந்திருக்க வேண்டும். செடியை நின்ற நிலையில் அடி முதல் நுனி வரை ஒரு முறை பார்த்திருந்தால் எனக்கு இது விளங்கியிருக்கும். நான் ஓர் இலையைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பறித்த இலை தன் வயதைச் சொல்லாது. செடியில் அது நின்ற இடமே அதன் வயதைச் சொல்லும்.

இரண்டாம் கேள்வி: இலையில் எந்த இடம்?

இலையின் வயதை அறிந்த பின்னரே அதன் கோலத்தைப் பார்க்க வேண்டும். முதிய இலை நரம்பு உட்பட முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் அது நைட்ரஜன் குறை. முதிய இலையில் நரம்புகளின் ஓரம் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீஷியக் குறை. இளம் இலை நரம்பு உட்பட ஒரே சீராக வெளுத்தால் கந்தகக் குறை என ஐயுறலாம். இளம் இலையில் மிக நுண்ணிய நரம்புகள்கூடப் பச்சை வலைப்பின்னலாகத் தெளிந்து நிற்க, இடையெல்லாம் வெளுத்திருந்தால் அது இரும்புக் குறை. மாங்கனீசுக் குறையில் இவ்வலை அத்துணைக் கூர்மையாக இராது; பச்சை நரம்பின் இருபுறமும் சற்று அகன்று, மங்கலாகப் படர்ந்திருக்கும்.

நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது ஏன்? பச்சையத்தின் மூலக்கூறில் இரும்பு இல்லை. ஆயினும் பச்சையத்தை ஆக்கும் வேதிவினைகளில் சிலவற்றுக்கு இரும்பு இன்றியமையாதது. வேரிலிருந்து வரும் சிறிதளவு இரும்பு நரம்பின் வழியாகத்தான் இலைக்குள் நுழைகிறது. வாய்க்காலின் கரையில் உள்ள வயலுக்கு முதலில் நீர் பாய்வது போல, நரம்பை ஒட்டிய உயிரணுக்கள் அதனை முதலில் எடுத்துக்கொள்கின்றன. அப்பால் உள்ளவற்றுக்கு மிச்சம் இல்லை. குறை மிகவும் முற்றினால் நரம்பும் வெளுத்து, இலை முழுவதும் தந்த நிறமாகி ஓரம் கருகும். ஆகவே மிகவும் முற்றிய இலையை விட்டு, குறை தொடங்கும் நிலையில் உள்ள இலையைப் பார்ப்பதே தெளிவு தரும்.

குறைகளைத் தேடுமுன் ஒன்றைச் செய்துவிட வேண்டும். இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தை ஒரு கைவில்லையால் பாருங்கள். சிலந்திப் பேன்கள் சாறு உறிஞ்சினால் ஊசி குத்தினாற்போல மஞ்சள் புள்ளிகள் தோன்றும்; அவை நரம்பின் கோலத்தைப் பின்பற்றுவதில்லை. அத்தகைய புள்ளிகள் நம் செடியில் இல்லை. தொட்டியின் அடித்துளையும் அடைபடவில்லை.

இலையையே கேட்டுப் பார்த்தல்

கண்ணால் கண்ட குறி ஓர் ஊகமே. ஒரு முறை தவறிய நான் மறுமுறையும் தவறமாட்டேன் என்பதற்கு என்ன உறுதி? ஆகவே சோதித்துப் பார்ப்பதென முடிவு செய்தேன். இச்சோதனையின் மூலக்கருத்து பழமையானது. 1840-களில் யூசேப் கிரி என்னும் பிரெஞ்சு அறிஞர், வெளுத்த இலைகளின்மேல் இரும்பு உப்புக் கரைசலைத் தடவி, அவ்விலைகள் மீண்டும் பச்சையாவதைக் காட்டினார். வேரின் துணையில்லாமலே இலைக்குச் சத்தைக் கொடுத்து, "உனக்கு வேண்டியது இதுதானா?" என்று அதனையே கேட்கும் முறை இது.

கறிவேப்பிலை இச்சோதனைக்கு மிகவும் ஏற்றது. நாம் ஓர் ஈர்க்கு என்பது தாவர இயலின்படி ஒரே ஒரு கூட்டிலை. அதில் உள்ளவை சிற்றிலைகள். ஒரே வயது, ஒரே கிளை, ஒரே வெயில்; ஆகவே ஒரு சிற்றிலைக்கும் மற்றொன்றுக்கும் இடையே பின்னர் தோன்றும் வேற்றுமை நாம் தடவிய மருந்தினால் வந்தது என்று துணியலாம். பதினைந்து சிற்றிலைகள் கொண்ட ஒரு வெளுத்த ஈர்க்கைத் தேர்ந்தேன். அடியிலிருந்து எண்ணி 1, 4, 7, 10, 13-ஆம் சிற்றிலைகளுக்கு இரும்புக் கரைசல். 2, 5, 8, 11, 14-ஆம் சிற்றிலைகளுக்கு மக்னீஷியக் கரைசல். எஞ்சிய ஐந்துக்கு வெறும் நீர். அடியிலுள்ள ஐந்துக்கு ஒன்று, நுனியிலுள்ள ஐந்துக்கு ஒன்று எனப் பிரித்திருந்தால், இடத்தின் வேற்றுமையும் மருந்தின் வேற்றுமையும் கலந்துவிடும். அதனால்தான் மாற்றி மாற்றித் தடவினேன்.

இரும்புக் கரைசலுக்கு அன்னபேதி உப்பு, அதாவது ஃபெரஸ் சல்பேட்டு, அரை கிராம் எடுத்து 100 மில்லிலிட்டர் வாலை வடிநீரில் கரைத்தேன். அதில் சிட்டிகை அளவு சிட்ரிக் அமிலமும், கரைசல் இலையில் ஒட்டுவதற்காக ஒரு துளி சோப்பு நீரும் சேர்த்தேன். அன்னபேதி வெளிர்பச்சைப் படிகமாக இருத்தல் வேண்டும். பழுப்பேறிய உப்பு காற்றில் கெட்டது. குழாய் நீரில் கரைத்தால் விரைவில் துருநிறமாகக் கலங்கிவிடும். நல்ல நீரிலும் அன்றன்று கரைத்ததே பயன்படும். மக்னீஷியக் கரைசலுக்குப் பேதியுப்பு ஒரு கிராம், அதே அளவு நீர், அதே ஒரு துளி சோப்பு நீர். வெறும் நீரிலும் அத்துளி உண்டு. வெயிலில் தடவினால் இலை கருகும். ஆகவே ஏப்ரல் 6-ஆம் நாள் மாலை, சிறு தூரிகையால் இருபுறமும் தடவினேன். மூன்று நாள் கழித்து மறுமுறையும் தடவினேன்.

நான்காம் நாள் இரும்பு பெற்ற சிற்றிலைகளில் அங்கங்கே பச்சைப் பொட்டுகள் தோன்றின. எட்டாம் நாள் அந்த ஐந்தும் பச்சையாயின. மக்னீஷியம் பெற்றவையும் வெறும் நீர் பெற்றவையும் மஞ்சளாகவே நின்றன. ஒரே ஈர்க்கில் பச்சையும் மஞ்சளும் மாறி மாறி நின்ற காட்சியைக் காண நண்பர்கள் மாடிப்படி ஏறி வந்தனர்.

"அன்னபேதியில் கந்தகமும் இருக்கிறதே, பச்சையாக்கியது கந்தகமாக இருக்கலாமே?" என்று வேதியியல் நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பேதியுப்பும் ஒரு சல்பேட்டுதான். கந்தகம் அதிலும் உண்டு. குறை கந்தகமாயிருந்தால் பத்துச் சிற்றிலைகள் பச்சையாகியிருக்க வேண்டும். ஆனது ஐந்து மட்டுமே. என் பழைய பிழையின் மருந்தே இங்கே சாட்சியாக வந்து நின்றது! இன்னொன்றும் கண்டோம். அந்த ஈர்க்குக்கு மேலே புதிதாகத் துளிர்த்த இலை மீண்டும் மஞ்சளாகவே பிறந்தது. தடவிய இரும்பு தடவிய இலையிலேயே தங்கிவிட்டது, மேலே செல்லவில்லை.

மண்ணில் இரும்பு இல்லையா?

இப்போது நோய் இன்னதென்று தெரிந்தது. ஆனால் காரணம் தெரியவில்லை. மண்ணில் இரும்பு இல்லாமற் போகுமா? பெரும்பாலான மண்ணில் இரும்பு நூற்றுக்கு ஒரு பங்கு முதல் ஐந்து பங்கு வரை உண்டு. பத்துக் கிலோ மண் உள்ள ஒரு தொட்டியில் குறைந்தது நூறு கிராம் இரும்பு இருக்கும். செடிக்கு வேண்டியதோ சில மில்லிகிராம்தான். ஆகவே குறை இருப்பில் இல்லை, கரைவதில்தான் இருக்கிறது.

மண்ணில் இரும்பு பெரும்பாலும் ஃபெர்ரிக் நிலையில், துருவைப் போன்ற ஆக்சைடுகளாக இருக்கிறது. மண்ணின் அமிலத்தன்மை குறைந்து பி.எச். அளவு ஒன்று ஏறும்போது, கரைந்து நிற்கும் ஃபெர்ரிக் அயனிகள் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகின்றன. செடியும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. கறிவேப்பிலை போன்ற இருவித்திலைச் செடிகள் இரும்புப் பஞ்சம் வந்ததும் வேர் நுனியிலிருந்து அமிலத்தைக் கசியவிட்டு, அருகிலுள்ள இரும்பைக் கரைத்து, வேரின் மேற்புறத்தில் அதனை ஃபெரஸ் நிலைக்கு மாற்றி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஆனால் மண்நீரில் பைகார்பனேட்டு மிகுந்திருந்தால் வேர் கசியும் அமிலத்தை அது அவ்வப்போதே செயலிழக்கச் செய்துவிடுகிறது. செடி கரைக்கக் கரைக்க நீர் அதனைக் கெடுக்கிறது.

தொட்டியின் மேல்மண்ணில் வெண்மையாக ஒரு படலம் படிந்திருந்தது. சிறிது மண்ணை எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டேன், நுரைத்துப் பொங்கிற்று. சுண்ணாம்பு இருப்பதற்கு அதுவே சான்று. ஒரு பங்கு மண்ணை இரண்டரைப் பங்கு வடிநீரில் கலக்கி அளந்தபோது பி.எச். 8.3 என வந்தது. இவ்வளவு சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? அண்ணன் இருந்த காலத்தில் செடி நன்றாகத்தானே இருந்தது?

விடை மாடியிலேயே இருந்தது. குடிநீருக்காக வைத்த ஆர்.ஓ. கருவியின் கழிவுக் குழாயின் கீழ் ஒரு வாளி உண்டு. நீரை வீணாக்கலாகாது என்ற நல்லெண்ணத்தால், ஓராண்டாக அந்த வாளி நீரையே செடிக்கு ஊற்றி வந்தோம். நம் குழாய் நீரே கடினநீர். வந்த நீரில் ஏறத்தாழப் பாதி தூய நீராகவும் பாதி கழிவாகவும் பிரியும் அக்கருவியில், தூய நீர் உதறிய உப்புக்களெல்லாம் கழிவு நீரில் சேர்கின்றன. அளந்து பார்த்தேன். குழாய் நீரில் லிட்டருக்கு 650 மில்லிகிராம் உப்பு. வாளி நீரில் 1250. தில்லியின் வெயிலில் நீர் ஆவியாகப் போக, கால்ஷியமும் பைகார்பனேட்டும் சுண்ணாம்பாகத் தொட்டியில் தங்கின. அந்தத் தொட்டியில் ஓராண்டாக நாம் ஊற்றி வந்தது, அதன் இரும்பை அதனிடமிருந்தே பூட்டி வைக்கும் நீர்.

ஆணியும் மோரும்

ஆணி பயன்படாதது ஏன் என்பது இப்போது விளங்கும். அது தரும் துரு மண்ணில் முன்பே மலிந்து கிடப்பது. பி.எச். 8.3-இல் அதுவும் கரையாது. கிடங்கில் நெல் நிறைந்திருக்கக் கதவு பூட்டியிருந்தால், மேலும் நான்கு மூட்டையை உள்ளே அடுக்கிப் பயன் என்ன?

மோர் விஷயம் வேறு. அம்மாமார்கள் சொல்வதில் பொருள் இல்லாமல் இல்லை. புளித்த மோரில் லாக்டிக் அமிலம் உண்டு; அமிலம் இரும்பைக் கரைக்கும். ஊரில் சுண்ணாம்பு குறைந்த செம்மண்ணில் நிற்கும் செடிக்கு அது போதுமானதாக இருக்கலாம். இத்தொட்டியில் போதுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக் கிலோ மண்ணில் நூற்றுக்கு இரண்டு பங்கு சுண்ணாம்பு எனக் கொண்டால் அது 200 கிராம். அத்தனையையும் கரைக்க 360 கிராம் லாக்டிக் அமிலம் வேண்டும். நன்கு புளித்த மோரில் லிட்டருக்குப் பத்துக் கிராம் அமிலம் எனக் கொண்டாலும் 36 லிட்டர் மோர் தேவை! நண்பர் ஊற்றியது ஒரு தம்ளர். அது பட்ட இடத்தில் ஓரிரு நாள் சிறிது இரும்பு கரைந்திருக்கும். பிறகு சுண்ணாம்பு வென்றிருக்கும்.

செய்த பரிகாரம்

முதலில் உடனடி உதவியாக, அதே அரை விழுக்காட்டு அன்னபேதிக் கரைசலைப் பத்து நாட்களுக்கு ஒரு முறையாக மூன்று மாலைகளில் துளிர்கள் நனையத் தெளித்தோம். தெளித்த இலையை இரண்டு வாரம் சமையலுக்குப் பறிக்கவில்லை. இது காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டது போலத்தான். புதிதாக வரும் இலைக்கு இது உதவாது.

இரண்டாவதாக, மண்ணிலே கரைந்தபடியே நிற்கக்கூடிய இரும்பைக் கொடுத்தோம். கடையில் இணைப்பு இரும்பு உரம் என இரண்டு வகை எளிதில் கிடைக்கும். ஈ.டி.டி.ஏ. என்பது ஒன்று, ஈ.டி.டி.எச்.ஏ. என்பது மற்றொன்று. பெயரில் ஓர் எழுத்துத்தான் கூடுதல். ஆனால் பயனில் வேற்றுமை பெரிது. முன்னது விலை குறைவு. ஆனால் காரமான மண்ணில் கால்ஷியம் வந்து இரும்பை வெளியே தள்ளி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இலைமேல் தெளிக்க அது நன்று. நம்முடையதைப் போன்ற மண்ணில் இட்டால் வீண். பின்னது அம்மண்ணிலும் இரும்பை விடாமல் பிடித்து வைத்து வேருக்குக் கொண்டு சேர்க்கும். அதில் இரண்டு கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, செந்நிறமான அக்கரைசலை மாலையில் வேரடியில் ஊற்றினோம். வாங்கும்போது "எச்" என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குக.

மூன்றாவதும் முதன்மையானதும் நீரை மாற்றியது. கழிவு நீர் வாளி இப்போது கழிவறை கழுவப் போகிறது. செடிக்கு, ஆய்வுக்கூடத்தின் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றுகிறோம். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்தது. ஆகவே சுண்ணாம்பு அதில் இல்லை. பெட்டியை மருந்திட்டுக் கழுவிய பின் வரும் முதல் வாளி நீரை மட்டும் கொட்டிவிட வேண்டும். மழைக்காலத்தில் மழைநீர் இருக்கவே இருக்கிறது. இந்நீரில் எந்தச் சத்தும் இல்லாததால் மாதம் ஒரு பிடி மக்கிய எருவும் இடுகிறோம். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே நீர் விடுகிறோம்; மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுவிடும் கரியமில வாயு வெளியேறாமல் நீரில் கரைந்து, மீண்டும் பைகார்பனேட்டை மிகுவிக்கும். ஜூலை மாதத்தில் மழை தொடங்கியதும் தொட்டியைக் கவிழ்த்து, வேரைச் சுற்றிய மண்ணில் பாதியை உதிர்த்துவிட்டு, சுண்ணாம்பில்லாத மண்ணும் மக்கிய இலையெருவும் சமமாகக் கலந்து நிரப்பினோம்.

மே மாத நடுவிலேயே வந்த துளிர் பச்சையாக வந்தது. வெளுத்திருந்த இலைகளில் பல தேறின. ஆனால் மிகவும் முற்றி ஓரம் கருகியவை தேறவில்லை, அவற்றைக் கிள்ளிவிட்டோம். இறந்த திசு சத்தூட்டினால் உயிர்ப்பதில்லை. ஆகவே மருந்து பலித்ததா என்று பார்க்க விரும்புவோர் பழைய மஞ்சள் இலையைப் பார்த்துக்கொண்டிராமல் அடுத்து வரும் துளிரைப் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கையாக இரண்டு

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. ஒன்று, குறைகள் எப்போதும் தனித்தனியே வருவதில்லை. காரமண்ணில் இரும்போடு துத்தநாகமும் மாங்கனீசும் சேர்ந்தே பூட்டுப்படலாம். இலைகள் சிறுத்துக் குறுகி, கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து, கொத்தாக நின்றால் துத்தநாகத்தையும் நினைக்க வேண்டும். அப்போது சிற்றிலைகளை மூன்று பிரிவாக அல்லாமல், ஐயத்துக்குரிய ஒவ்வொரு சத்துக்கும் ஒரு பிரிவாக்கித் தடவிப் பார்க்கலாம்.

இரண்டு, "இலையை ஆய்வுக்கூடத்தில் பொசுக்கி இரும்பை அளந்தால் போதாதா?" என்று தோன்றும். எனக்கும் தோன்றிற்று. ஆனால் காரமண்ணில் வெளுத்த இலையிலும் பச்சை இலையிலும் மொத்த இரும்பு ஏறக்குறையச் சமமாக இருப்பது உண்டு. சில வேளை வெளுத்த இலையில் மிகுந்தும் இருக்கும். இலைக்குள் வந்த இரும்பு உயிரணுவுக்குள் நுழையாமல் வெளியிலேயே தங்கிவிடுவது இதற்கு ஒரு காரணம். வளர்ச்சி குன்றிய சிறிய இலையில் உள்ள இரும்பு, எடைக்கு எடை மிகுதியாகத் தோன்றுவது இன்னொரு காரணம். இந்த இடத்தில் எண்ணைவிட இலையின் மறுமொழியே நம்பத் தக்கது.

விடுதி அறைகளின் முன்னே துளசியும் மல்லிகையும் வைத்திருக்கும் நண்பர்கள் பலர் உளர். இலை மஞ்சளானால் கையில் கிடைத்த உரத்தைப் போடுமுன் செடியின் எதிரே சற்று நின்று, முதலில் மஞ்சள் கீழே தொடங்கியதா மேலே தொடங்கியதா என்று பாருங்கள். பிறகு நரம்பைப் பாருங்கள். அதன் பிறகு, ஐயமிருந்தால், இரண்டு மூன்று இலைகளில் தடவிப் பார்த்து ஒரு வாரம் பொறுத்திருங்கள். அன்னபேதியும் தூரிகையும் என்னிடம் இருக்கின்றன. வேண்டுவோர் வந்து கேட்கலாம். நம் கறிவேப்பிலையிலும் இப்போது பறிக்க இலை இருக்கிறது. ஆனால் நுனியைக் கிள்ளாமல், கீழ் ஈர்க்குகளாகப் பார்த்துப் பறியுங்கள். அடுத்து என்ன குறை வந்தாலும் அதனை நமக்கு முதலில் சொல்லப்போவது அந்த நுனியாக இருக்கலாம்.